1 + 2 + 2: ஒரு வினாத்தாளின் முகப்பை மூன்று முறை எழுதிய கதை

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் தரம் 11 மாணவர்களின் தவணைப் பரீட்சை விடைத்தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் கட்டு கைக்கு வந்தது. எழுத்து வடிவாக இருந்தது. வரைபடத்தில் ஓரிடம்தான் பிழை. ஒவ்வொரு விடைக்கும் 15, 16 என்று புள்ளி போட்டுக்கொண்டே போனேன். கடைசித் தாளைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தால் 61. எங்கேயோ ஒரு தாள் கழன்று விழுந்துவிட்டது என்று மேசைக்கு அடியிலும் தேடினேன். தாள் ஒன்றும் விழவில்லை. ஐந்து வினாவுக்கு விடை எழுத வேண்டிய இடத்தில் அவன் நான்குதான் எழுதியிருந்தான்.

நான்கு விடைக்கு 80இல் 61. அதே தரத்தில் ஐந்தாவதையும் எழுதியிருந்தால் 76 வந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சைக் கணக்கில் அது சி சித்திக்கும் ஏ சித்திக்கும் இடையிலான வித்தியாசம். நேரம் போதாமல் விட்டிருப்பான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நேரம் போதாதவனின் கடைசி விடை பாதியில் நிற்கும், எழுத்து ஓடும், வசனம் முடியாது. இவன் கடைசி விடையை முடித்து, கீழே கோடு போட்டு, நூலால் கட்டிக் கொடுத்திருந்தான். வேலை முடிந்துவிட்டது என்று நம்பியவனின் தாள் அது.

அப்போதுதான் புள்ளிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யார் எந்த இலக்க வினாக்களை எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறிக்கத் தொடங்கினேன். வகுப்பில் 38 பேர். சரியாக ஐந்து வினாக்களைச் சரியான பகுதிகளிலிருந்து எழுதியவர்கள் 27 பேர். நான்கு எழுதியவர்கள் 6 பேர். ஆறு எழுதியவர்கள் 3 பேர். மற்ற 2 பேர் ஐந்து எழுதியிருந்தார்கள், ஆனால் ஒரே பகுதியிலிருந்து மூன்று. பதினொரு பிள்ளைகள், மூன்று விதமான பிழை. ஒரு பிள்ளை பிழை விட்டால் கவனமில்லை என்று சொல்லலாம். ஆறு பேர் வேறு வேறு வாங்குகளில் இருந்துகொண்டு ஒரே பிழையை விட்டால், பிழை வினாத்தாளில்தான் இருக்க வேண்டும். வினாத்தாளைத் தயாரித்தது நான்தான்.

முகப்பில் நான் எழுதியிருந்த வசனம் இது:

"முதலாம் வினா உட்பட, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு வினாக்கள் வீதம் தெரிவுசெய்து ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடை தருக."

எனக்கு இது தெளிவாகவே இருந்தது. எத்தனையோ வருடமாக இப்படி எழுதப்பட்ட வசனங்களை வாசித்துப் பழகியவள் நான். என் மனதில் இருந்த கணக்கு: முதலாம் வினா கட்டாயம், முதற் பகுதியில் இரண்டு, இரண்டாம் பகுதியில் இரண்டு, மொத்தம் ஐந்து. பிள்ளைகள் என் மனதை வாசிக்கவில்லை, தாளைத்தான் வாசித்தார்கள்.

அடுத்த நாள் அந்த மாணவனைக் கூப்பிட்டு, ஏன் நான்கு எழுதினாய் என்று கேட்டேன். பேசப் போகிறேன் என்று பயந்திருந்தான். கோபம் இல்லை, எனக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். பிறகு சொன்னான்:

"முதலாம் வினா முதற் பகுதிக்குள்ளதானே ரீச்சர் இருந்தது? அது உட்பட ரெண்டு எண்டா, அதோட இன்னும் ஒண்டு. மற்றப் பகுதியில ரெண்டு. எல்லாம் மூண்டு, முதலாவதோட நாலு."

"கடைசியில ஐந்து எண்டு போட்டிருந்ததே தம்பி?"

"ஓம் ரீச்சர். எண்ணிப் பாத்தன், நாலுதான் வந்தது. பிழையா அடிச்சிருக்கினம் எண்டு நினைச்சன்."

தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது முழுக்கச் சரி. முதலாம் வினா, "முதற் பகுதி" என்ற தலைப்புக்குக் கீழேதான் அச்சாகியிருந்தது. அதற்குத் தனி இடம் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு மேல் "உட்பட" என்ற சொல் செய்த வேலை. நான் அதைக் கடைசியில் வரும் "ஐந்து" என்ற எண்ணுக்காக எழுதினேன். ஆனால் தமிழ் வசனத்தில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. அதற்கு முன்னால் வரும் சொற்களை வாசகன் கையில் ஏந்திக்கொண்டே போக வேண்டும். "முதலாம் வினா உட்பட" என்று கையில் எடுத்த பிள்ளை, அதை இறக்கி வைக்க ஓர் எண்ணைத் தேடுகிறது. முதலில் எதிர்ப்படும் எண் "இரண்டு". அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. "ஐந்து" வந்து சேரும்போது கை வெறுமையாகிவிட்டது.

ஆறு வினா எழுதிய மூவரிடமும் கேட்டேன். அவர்களுக்கு முதலாம் வினா எப்போதுமே கட்டாயம் என்பது மனதில் ஊறிப்போன விடயம். அதை எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. "ஐந்து" என்ற எண்ணை மற்ற வினாக்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு வினா எழுதிய பிள்ளைக்கு நட்டம் இல்லை என்று சிலர் நினைக்கலாம். நட்டம் பெரிது. இரண்டு மணித்தியாலத்தை ஆறாகப் பிரித்தால் ஒரு வினாவுக்கு 20 நிமிடம், ஐந்தாகப் பிரித்தால் 24 நிமிடம். ஒவ்வொரு விடையிலிருந்தும் நான்கு நிமிடத்தைப் பிடுங்கி, யாரும் புள்ளி போடாத ஒரு விடைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூவரின் தாளிலும் விளக்கம் கேட்ட உபபகுதிகள் ஒற்றை வசனத்தில் முடிந்திருந்தன.

ஒரே பகுதியில் மூன்று எழுதிய இருவரில் ஒரு பிள்ளை சொன்னது என்னை யோசிக்க வைத்தது. "இரண்டு வினாக்கள் வீதம்" என்பதில் "வீதம்" என்ற சொல் அவளுக்குத் தடக்கியது. கணித பாடத்தில் வீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. அந்தச் சொல் இங்கே ஏன் வருகிறது என்று விளங்காமல் அந்தத் துண்டை விட்டுவிட்டு, "ஐந்து" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தவணைப் புள்ளிகளை என்ன செய்வது என்று அதிபரோடு கதைத்தேன். நான்கு எழுதிய ஆறு பேருக்கும், விடுபட்ட பகுதியிலிருந்து ஒரு வினாவை வேறொரு நாள் 25 நிமிடத்தில் எழுத வைத்தோம். சரியான தீர்வு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் என் வசனத்தால் போன 20 புள்ளியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தவணைக்கு முகப்பை உடைத்து எழுதினேன். நீண்ட வசனம் நான்கு குறு வசனங்களாகியது. முதலாம் வினாவைப் பகுதித் தலைப்புக்கு மேலே தூக்கி, தனியாகக் கோடு போட்டு வைத்தேன். "முதலாம் வினாவுக்கு எல்லோரும் விடை எழுத வேண்டும். பகுதி ஒன்றிலிருந்து இரண்டு வினாக்களுக்கு விடை எழுதுக. பகுதி இரண்டிலிருந்து இரண்டு வினாக்களுக்கு விடை எழுதுக. மொத்தம் ஐந்து விடைகள்." இதில் பிழை வர வழியே இல்லை என்று நம்பினேன்.

வந்தது, அச்சுப் பக்கத்திலிருந்து. எங்கள் அலுவலகக் கணினியில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். இடம் மிச்சம் பிடிக்க, "பகுதி ஒன்று, பகுதி இரண்டு" என்பதை உரோம இலக்கத்தில் I, II என்று அடித்துவிட்டார்கள். பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்து I அடித்தால் "ஐ" வரும். எழுத்துருவை மாற்றாமல் அடித்தால் பகுதி I என்பது "பகுதி ஐ" ஆகிறது, பகுதி II என்பது "பகுதி ஐஐ" ஆகிறது. யாழ்ப்பாணத்தில் வினாத்தாளோடு வேலை செய்யும் எவருக்கும் இந்த ஐஐ பழக்கமான முகம். எங்கள் கண் அதைத் தானாகவே இரண்டு என்று திருத்தி வாசித்துவிடும். பிள்ளைக்கு அப்படி இல்லை. ஐம்பது, ஐந்நூறு என்ற சொற்களில் ஐ என்றால் ஐந்து. "பகுதி ஐ இலிருந்து இரண்டு" என்ற வசனத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை பரீட்சைப் பதற்றத்தில் எப்படி எடுக்கும்?

நல்ல காலம், பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் மூலப் பிரதியில் கண்டேன். பிரதி எடுக்க முன்னர் அவசர அவசரமாக அதை "பகுதி அ, பகுதி ஆ" என்று மாற்றிக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வினாவுக்குள்ளும் உபபிரிவுகளுக்கு (அ), (ஆ), (இ) என்றுதான் பெயர் வைத்திருந்தேன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியரிடம் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது: "சேர், எல்லா வினாவிலயும் ஆ பகுதி மட்டும் ரெண்டு செய்யிறதோ?" அவர் நல்ல மனிதர், உடனே கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தினார். பக்கத்து மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் எல்லோருக்கும் விளங்கியது என்று அர்த்தம் இல்லை. திருத்தும்போது அங்கே இரண்டு தாள்களில், வினா 3இல் (ஆ) மட்டும், வினா 5இல் (ஆ) மட்டும் என்று துண்டு துண்டாக விடைகள் கிடந்தன.

அந்த இரண்டு தாளைப் பார்த்த பிறகுதான், முகப்பில் பகுதியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை என்ற எண்ணம் வந்தது. பிள்ளை விடைத்தாளின் ஓரத்தில் எழுதப்போவது வினா இலக்கத்தை. முகப்பும் வினா இலக்கத்தையே சொன்னால் போதும். "2, 3, 4, 5 ஆகிய வினாக்களில் இரண்டு" என்றால் எந்தப் பெயரையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வினா இலக்கங்கள் வினாத்தாள் முழுக்கத் தொடர்ந்து ஓட வேண்டும். இரண்டாம் பகுதியில் திரும்பவும் 1இலிருந்து தொடங்கினால் இந்த முறை உடைந்துபோகும்.

நேரம் பற்றிய பிழையும் அந்தத் தவணையில்தான் கண்ணில் பட்டது. "நேரம்: 2.10 மணி" என்று போட்டிருந்தோம். தேசியப் பரீட்சை வினாத்தாள்களில் எழுதும் நேரத்தை ஒரு பக்கமும், "மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள்" என்பதை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் போடுவார்கள். வினாக்களைத் தெரிவு செய்யவும் எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்தவும் அந்த நேரத்தைப் பயன்படுத்தும்படி கீழே எழுதியும் இருப்பார்கள். நாங்கள் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டோம். 2.10 மணி என்பதைச் சிலர் பிற்பகல் இரண்டு பத்து என்று வாசித்தார்கள், பரீட்சை முடியும் நேரம் என்று. கணிதத்தில் கெட்டிக்காரன் ஒருவன் அதைத் தசமமாக எடுத்து, இரண்டு மணியும் ஆறு நிமிடமும் என்று கணக்குப் போட்டிருந்தான். பத்து நிமிடம் வாசிக்க மட்டும் என்பது அநேகமாக எவருக்கும் தெரியவில்லை. தாள் கைக்கு வந்தவுடனேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

"மணி" என்ற சொல்லை முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மணி என்றால் கடிகாரம் காட்டுவது. எவ்வளவு நேரம் என்று சொல்ல எங்களிடம் மணித்தியாலம் என்ற நல்ல சொல் இருக்கிறது. அரை மணித்தியாலம் வந்தால் எழுத்திலேயே எழுதுவேன், 1.5 என்றோ 1.30 என்றோ புள்ளி போட மாட்டேன். கடிகார நேரம் அச்சில் வராது, ஏனென்றால் கூட்டமோ மழையோ ஏதாவது வந்து பரீட்சை பத்து நிமிடம் பிந்தித் தொடங்கும். அதை மேற்பார்வையாளர் கரும்பலகையில் எழுத வேண்டும்: வாசிக்க 8.30 முதல் 8.40 வரை, எழுத 8.40 முதல் 10.40 வரை. இதை எழுதும்படி மேற்பார்வையாளருக்கான துண்டுத் தாளில் தனியாகப் போட்டுவிடுகிறேன். சொன்னால்தான் எழுதுவார்கள் என்பதில்லை, ஆனால் மண்டபத்துக்கு மண்டபம் வேறுபடக் கூடாது.

ஒவ்வொரு வினாவுக்கும் எவ்வளவு நேரம் என்று முகப்பில் சொல்வதா வேண்டாமா என்று எங்கள் பாட ஆசிரியர்களுக்குள் கொஞ்சம் விவாதம் நடந்தது. சொல்ல வேண்டும் என்பது என் பக்கம். 120 நிமிடத்தை ஐந்தால் பிரித்து "ஒரு வினாவுக்கு 24 நிமிடம்" என்று வகுப்புச் சோதனை ஒன்றில் போட்டுப் பார்த்தேன். இரண்டு விதத்தில் பிழைத்தது. தாளைப் புரட்ட, வினா இலக்கம் போட, மீட்டுப் பார்க்க, கட்ட எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும், அதற்கு ஒரு நிமிடமும் மிச்சம் வைக்கவில்லை. அடுத்தது, 8.40இலிருந்து இருபத்து நான்கு இருபத்து நான்காகக் கூட்டிக்கொண்டு போவது பிள்ளைக்கு ஒரு தனிக் கணக்கு. ஆகவே பகுதிவாரியாக, கடிகாரத்தில் கண்ணால் பிடிக்கக்கூடிய அளவில் மாற்றினேன். முதலாம் வினாவுக்கு 20 நிமிடம், அடுத்த இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணித்தியாலம், அதற்கடுத்த இரண்டுக்கும் முக்கால் மணித்தியாலம், கடைசியில் 10 நிமிடம் மீட்டுப் பார்க்கவும் கட்டவும். 20, 45, 45, 10 கூட்டினால் 120.

இதற்குள்ளும் ஒரு கண்ணி இருந்தது. அந்த வகுப்புச் சோதனையில் ஒரு பிள்ளை 24 நிமிடம் முடிந்தவுடன் வசனத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் எழுதினால் புள்ளி இல்லை என்று நினைத்தாளாம். அதனால் நிமிடக் கணக்குக்குப் பக்கத்தில் அது கட்டாயம் இல்லை என்ற ஒரு வரியும் சேர்ந்தது.

சரி, மூன்றாவது முகப்பு இப்படி வந்தது:

வாசிக்கும் நேரம்: 10 நிமிடம். இந்த நேரத்தில் விடை எழுதக் கூடாது. எந்த வினாக்களை எழுதுவது என்று தெரிவு செய்யுங்கள்.
எழுதும் நேரம்: 2 மணித்தியாலம். வாசிக்கும் நேரம் முடிந்த பின்னரே இது தொடங்கும்.

மொத்தம் ஐந்து (5) வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்.

வினா 1: எல்லோரும் எழுத வேண்டும். 20 புள்ளி. ஏறத்தாழ 20 நிமிடம்.
வினா 2, 3, 4, 5: இவற்றில் விரும்பிய இரண்டு (2). 40 புள்ளி. ஏறத்தாழ 45 நிமிடம்.
வினா 6, 7, 8: இவற்றில் விரும்பிய இரண்டு (2). 40 புள்ளி. ஏறத்தாழ 45 நிமிடம்.
மீட்டுப் பார்க்கவும் தாள்களைக் கட்டவும்: 10 நிமிடம்.

நிமிடக் கணக்கு உங்கள் உதவிக்கு மட்டுமே. கூடக் குறைய எடுத்தால் புள்ளி குறையாது.
தெரிவு செய்த வினாவின் எல்லா உபபிரிவுகளுக்கும் விடை எழுதுங்கள்.
2 முதல் 5 வரை, அல்லது 6 முதல் 8 வரை, இரண்டுக்கு மேல் எழுதினால் முதலில் எழுதிய இரண்டுக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். வேண்டாத விடையைக் குறுக்காகக் கோடிட்டு வெட்டுங்கள். வெட்டிய விடை கணக்கில் சேராது.

மொத்தத்தை முதலில் சொல்லிப் பிறகு பிரித்துச் சொல்வதைக் கவனிக்கலாம். என் பழைய வசனத்தில் மொத்தம் கடைசியில் வந்தது, அது வரும்போது பிள்ளை ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது ஐந்து என்பதைப் பிடித்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. 1, 2, 2 கூட்டினால் ஐந்து. 20, 40, 40 கூட்டினால் நூறு. ஒரு வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்கும். "தருக", "எழுதுக" என்ற வியங்கோளை விட்டு "எழுத வேண்டும்", "எழுதுங்கள்" என்று மாற்றியதற்கு ஒரு மூத்த ஆசிரியர் முகம் சுழித்தார், வினாத்தாளின் மிடுக்குப் போய்விட்டது என்று. எனக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் எண்ணை எழுத்திலும் இலக்கத்திலும் இரண்டாகவும் போட வேண்டும் என்று சொன்னது அவர்தான், அது நல்ல யோசனை. போட்டோக்கொப்பி மங்கலாக விழுந்தால் 5 என்பது 6 போலத் தெரியும். "ஐந்து" என்பது வேறு எதைப் போலவும் தெரியாது.

மேலதிக விடை பற்றிய வரியை எழுதுவதற்கு முன்னர் ஒரு விடயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அதுவரை எங்களில் ஒருவர் முதல் எழுதியதைத் திருத்துவார், இன்னொருவர் எல்லாவற்றையும் திருத்தி நல்லதை எடுப்பார். ஒரே வினாத்தாளுக்கு இரண்டு வகுப்பில் இரண்டு நீதி. திருத்தும் முறை முடிவாகாமல் முகப்பில் எதையும் எழுத முடியாது. ஆகவே புள்ளித் திட்டம் தயாரிக்கும் நாளிலேயே அதையும் பேசி முடித்தோம்.

இந்த முறை நான் என் கண்ணை நம்பவில்லை. வினாக்கள் இல்லாமல் முகப்பை மட்டும் அச்செடுத்து, தரம் 9இலிருந்து நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். அவர்கள் இந்தப் பரீட்சை எழுதப்போவதில்லை, அதனால் இரகசியம் போகாது. வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கிய இருவர் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். "விளங்குதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ஓம் ரீச்சர்" என்றுதான் சொல்லும். எந்த வினாக்களை எழுதுவாய், இலக்கத்தை மட்டும் எழுது என்றேன். 1, 2, 4, 6, 8 என்பது போல ஒரு வரிசை வர வேண்டும். பிறகு நானே சில வரிசைகளைக் கொடுத்து, இது சரியா பிழையா என்று கேட்டேன். 1, 2, 3, 4, 7 சரியா? 2, 3, 6, 7, 8 சரியா? 1, 3, 5, 6, 7 சரியா? முதலாவது பிழை, நான்குக்குள் மூன்று எடுத்தாகிவிட்டது. இரண்டாவதில் முதலாம் வினாவே இல்லை, அதோடு கடைசி மூன்றையும் எடுத்தாகிவிட்டது. மூன்றாவது சரி. பழைய முகப்பைக் கொடுத்தபோது நான்கு பேரில் இருவர் முதலாவதைச் சரி என்றார்கள். புதிய முகப்பில் நால்வரும் மூன்றையும் சரியாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு கடைசியாக ஒரு சோதனை. ஒரு பிள்ளையைத் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு முகப்பைச் சத்தமாக வாசித்தேன். மேற்பார்வையாளர்கள் பல தடவை முகப்பை மண்டபத்தில் வாசித்துக் காட்டுவார்கள். கண் கொஞ்சம் மங்கலான பிள்ளை, எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிக்கும் பிள்ளை எல்லாம் அந்தக் குரலைத்தான் நம்பியிருக்கும். "தெரிவு செய்த வினாவின் எல்லா உபபிரிவுகளுக்கும்" என்ற இடத்தில் எனக்கே மூச்சுத் தடக்கியது. அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதைவிடச் சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பாடசாலை வினாத்தாளை நான் எப்படியும் எழுதலாம். சாதாரண தரப் பரீட்சையின் முகப்பை நான் எழுதுவதில்லை. அங்கே "உட்பட" வரும், "தெரிவுசெய்து" வரும், ஒரே வசனத்தில் மூன்று எண்ணும் வரலாம். இலகுவான முகப்பிலேயே பிள்ளைகளைப் பழக்கினால் அங்கே போய்த் திண்டாடுவார்கள் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைப் பழக்க வேண்டிய இடம் வகுப்பறை. புள்ளி போகும் தவணைப் பரீட்சையில் பொறி வைத்துப் பழக்க முடியாது. ஆகவே தரம் 10 தொடங்கியவுடன் ஒரு பாடவேளையை இதற்கென்றே எடுக்கிறேன். கடந்த கால வினாத்தாள்களின் முகப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு கூட்டல் கணக்காக மாற்றச் சொல்வேன். "உட்பட" என்றால் மொத்தத்துக்குள் அடக்கம், "தவிர" என்றால் மொத்தத்துக்கு வெளியே, "குறைந்தது ஒன்று" என்றால் ஒன்றும் எழுதலாம் அதற்கு மேலும் எழுதலாம். கூட்டல் முகப்பிலுள்ள மொத்தத்தோடு ஒத்துவராவிட்டால், அச்சுப் பிழை என்று நினைக்காமல் திரும்ப வாசிக்க வேண்டும், அப்போதும் ஒத்துவராவிட்டால் கையை உயர்த்திக் கேட்க வேண்டும். நான்கு வினா எழுதிய அந்த மாணவனை நினைத்துத்தான் இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்த்தேன்.

மூன்றாவது முகப்போடு நடந்த பரீட்சையிலும் புள்ளி போட முன்னர் அதே மாதிரி இலக்கங்களைக் குறித்தேன். 36 பேர் எழுதினார்கள். 35 பேரின் தெரிவு சரி. பலரின் வினாத்தாளில், வாசிப்பு நேரத்தில் பென்சிலால் போட்ட வட்டங்கள் இருந்தன, முகப்பின் ஓரத்தில் 1 + 2 + 2 என்று எழுதியும் இருந்தது. ஒரேயொரு மாணவன் மட்டும் 1, 2, 3, 5, 7 என்று எழுதியிருந்தான். மனம் சோர்ந்துபோய் அவனைக் கூப்பிட்டு, எந்த வரி விளங்கவில்லை என்று கேட்டேன்.

"எல்லாம் விளங்கினது ரீச்சர். ஆறு, ஏழு, எட்டுக்குள்ள பிரெஞ்சுப் புரட்சி மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுதான் அங்கால இன்னொண்டு எழுதினன், நீங்கள் பாத்துப் போடுவியள் எண்டு."

முகப்பை அப்படியே வைத்துக்கொண்டேன். அவனுக்கு உலக வரலாறு சொல்லிக்கொடுக்க, புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினேன்.